ஆயுள் பென்சன் வங்கி வட்டியை மிஞ்சுவது எப்படி?

வாழைச்சேனையில் வேலையிலிருந்து இளைப்பாறுபவர்கள் இரண்டு வகையினர். பாடசாலையிலும் தபாற்கந்தோரிலும் பிரதேச செயலகத்திலும் இருந்தவர்களுக்கு மாதாமாதம் பென்சன் வரும். உயிரோடிருக்கும்வரை அது நிற்காது. கடதாசி ஆலையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் தனியார் கம்பனியிலும் உழைத்தவர்களுக்கு 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி கிடைக்கும். தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, கடைசியில் ஒரே தொகையாகக் கைக்கு வரும். அதற்குப் பிறகு அந்தத் தொகையை என்ன செய்வது என்ற பொறுப்பு முழுவதும் அவர் தலையில்.

பெரும்பாலானோர் அதை நிலையான வைப்பில் போட்டு, மாதவட்டியை எடுத்துச் சாப்பிடுகிறார்கள். முதல் அப்படியே இருக்கிறது, பிள்ளைகளுக்குப் போகும் என்ற நிம்மதி அதில் உண்டு. ஆனால் காப்புறுதிக் கம்பனி ஒன்று அதே பணத்துக்கு ஆயுள் முழுவதும் மாதந்தோறும் ஒரு தொகை தருவதாகச் சொன்னால், அந்தத் தொகை வங்கி வட்டியைவிடப் பெரிதாக இருக்கும். கேட்பவருக்கு இயல்பாகவே சந்தேகம் வரும். வங்கியைவிட அதிகமாகத் தருகிறவன் எங்கே முதலிடுகிறான்? கந்துவட்டிக்கா? ஏமாற்றுத் திட்டமா? கிழக்கில் கூடுதல் வட்டி ஆசைகாட்டிப் பணத்தைச் சுருட்டியவர்களைக் கண்ட சனத்துக்கு இந்தச் சந்தேகம் நியாயமானது. ஆயுள் பென்சனைப் பொறுத்தவரை அதற்கு நேரான பதில் உண்டு. கம்பனியும் வங்கி போட்ட இடங்களிலேயே, திறைசேரி முறிகளிலும் வைப்புகளிலும்தான், பணத்தைப் போடுகிறது. கூடுதலாக வரும் பகுதி முதலீட்டிலிருந்து வருவதில்லை. உங்களோடு சேர்ந்து பணம் கட்டி, உங்களுக்கு முன்னே காலமானவர்களின் பங்கிலிருந்து வருகிறது.

இதை விளங்கிக்கொள்ள நமக்கு நன்கு பழக்கமான ஓர் அமைப்பே போதும். ஊர்தோறும் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. எல்லோரும் மாதச் சந்தா கட்டுகிறார்கள். யார் வீட்டில் இழப்பு நேர்கிறதோ அந்த வீட்டுக்குப் பணம் போகிறது. அந்த ஆண்டில் தன் வீட்டில் எதுவும் நேராத உறுப்பினர் தன் சந்தாவைத் திருப்பிக் கேட்பதில்லை. ஆயுள் பென்சன் இதே சங்கத்தின் மறுபக்கம். அங்கே சீக்கிரம் இறப்பவர் வீட்டுக்கு மற்றவர்கள் கொடுக்கிறார்கள். இங்கே நீண்டநாள் வாழ்பவருக்கு மற்றவர்கள் விட்டுச்சென்றது போகிறது. நீண்டநாள் வாழ்வதும் ஒரு பணச் சிக்கல்தான். 70 வயதில் காலமானவரின் சேமிப்பு மிஞ்சிப்போகும், 95 வயதுவரை இருப்பவரின் சேமிப்பு நடுவழியில் தீர்ந்துபோகும். தான் எந்தப் பக்கம் என்பது 65 வயதில் எவருக்கும் தெரியாது.

ஓர் ஆண்டுக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கு தரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை, ஆனால் உண்மையான இறப்பு அட்டவணைகளுக்கு அதிக தூரத்தில் இல்லை. 80 வயதான 100 பேர் ஆளுக்கு ஒரு இலட்சம் ரூபாவை ஒரு பொதுப் பெட்டியில் போடுகிறார்கள். ஆண்டு முடிவில் உயிரோடிருப்பவர்கள் மட்டும் பெட்டியைப் பிரித்துக்கொள்வது என்று உடன்பாடு. வங்கி வட்டி 8 வீதம் என்றால் 100 இலட்சம் 108 இலட்சமாகிறது. அந்த வயதில் ஆண்டுக்கு 100 பேரில் ஏறக்குறைய 6 பேர் காலமாவார்கள். மீதி 94 பேர் 108 இலட்சத்தைப் பங்கிட்டால் தலைக்கு 114,900 ரூபா வருகிறது. அதாவது வட்டி 8 வீதம்தான், ஆனால் உயிரோடிருப்பவருக்குக் கிடைத்த வருவாய் 14.9 வீதம். இடையில் உள்ள 6.9 வீதம் எந்த வங்கியும் தரமுடியாத பணம், ஏனென்றால் வங்கியில் போட்டவர் இறந்தால் அவர் முதல் அவர் வாரிசுக்குத்தான் போகவேண்டும்.

வயதைக் குறைத்துப் பார்த்தால் இந்தக் கூடுதல் சுருங்கும். 60 வயதில் 100 பேரில் ஒருவர் காலமாவதாகக் கொண்டால் 99 பேர் பங்கிடுவார்கள், வருவாய் 9.1 வீதம். 70 வயதில் இருவர் எனக் கொண்டால் 10.2 வீதம். 90 வயதில் 16 பேர் என்றால் 28.6 வீதம். அதனால்தான் ஆயுள் பென்சனை 50 வயதில் வாங்குபவருக்கு வங்கியைவிடப் பெரிய நன்மை தெரியாது, 70க்குப் பிறகு வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரியும். வயதுக்கேற்ப விலை மாறவேண்டும் என்பதை வானியலறிஞர் எட்மண்ட் ஹாலி 1693 இலேயே எண்களால் காட்டிவிட்டார். பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு, எந்த வயதில் எத்தனை பேர் எஞ்சியிருப்பார்கள் என்ற அட்டவணையை அமைத்து, ஒவ்வொரு வயதுக்கும் ஆயுள் பென்சனின் விலை என்ன என்று கணக்கிட்டார். இன்றைய கம்பனிகளின் கணிப்பாளர்கள் செய்வதும் அடிப்படையில் அதே வேலை.

இனி முழு ஆயுளுக்குமான கணக்கு. வாழைச்சேனையில் 65 வயதான ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலைசெய்தவர். கையில் சேமலாப நிதியும் சேமிப்புமாக 30 இலட்சம் ரூபா இருக்கிறது. வட்டி 8 வீதம். வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 240,000, மாதம் 20,000 ரூபா வரும். முதல் அப்படியே இருக்கும்.

முதலையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிட்டால் என்ன? 85 வயதுவரைக்கும் போதும் என்று திட்டமிட்டால் மாதம் ஏறக்குறைய 25,460 ரூபா எடுக்கலாம். ஆனால் 85 வயதிலும் அவர் உயிரோடிருந்தால் கையில் ஒரு சதமும் இருக்காது. நமது விளக்க அட்டவணையில் 65 வயதான 100 பேரில் 45 பேர் 85 வயதைக் காண்கிறார்கள். ஆகவே இது ஏறக்குறைய இரண்டில் ஒருவருக்கு நேரக்கூடிய இக்கட்டு. பயந்து 100 வயதுவரைக்கும் பணம் வேண்டும் என்று நீட்டினால் மாதத்துக்கு 21,450 ரூபாதான் எடுக்கமுடியும். வெறும் வட்டியைவிட 1,450 ரூபா மட்டுமே கூட. தனி ஒருவர் நூறு வயதுக்குத் தயாராவதென்றால் அதன் முழுச் செலவையும் தானே தாங்கவேண்டும்.

இப்போது இவரைப் போன்ற பலர் கூட்டாகச் சேர்கிறார்கள். 100 பேரும் நூறு வயதுவரை இருக்கமாட்டார்கள் என்பதால், எல்லோருக்கும் நூறு வயதுக்கான பணத்தை ஒதுக்கவேண்டியதில்லை. நமது அட்டவணையில் 75 வயதில் 81 பேர், 80 இல் 65 பேர், 90 இல் 24 பேர், 95 இல் 8 பேர் இருக்கிறார்கள். அந்தந்த ஆண்டில் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று, 8 வீத வட்டியோடு கணக்கிட்டால், ஒவ்வொருவருக்கும் ஆயுள் முழுவதும் மாதம் 29,300 ரூபா கொடுக்கலாம். இந்தத் தொகையை அதே பெண்மணி தனியாக வங்கியிலிருந்து எடுத்தால் 80 வயதாகுமுன் பணம் தீர்ந்துவிடும், அப்போது 100 பேரில் 65 பேர் இன்னும் உயிரோடிருப்பார்கள். கூட்டில் இருந்தால் 80க்குப் பிறகும் 29,300 வந்துகொண்டே இருக்கும். இது கூட்டின் கணக்கு. கம்பனியின் செலவு, ஒதுக்கு, இலாபம் எல்லாம் சேர்த்துப் பத்தில் ஒரு பங்கு கழிந்தால் அவர் கையில் சேர்வது 26,400 அளவில் இருக்கும். அப்படிப் பார்த்தாலும் வட்டியைவிட 6,400 ரூபா கூடுதல்.

அந்த 6,400க்குக் கொடுத்த விலை என்ன என்பதை மறைக்கக்கூடாது. 30 இலட்சம் முதல் இனி அவருடையதல்ல. 67 வயதில் கண்மூடினால் பிள்ளைகளுக்கு எதுவும் கிடைக்காது. நம் வீடுகளில் இதுதான் பெரிய மனத்தடை; பிள்ளைகளுக்கென்று எதையாவது விட்டுவைக்கவேண்டும் என்று நினைப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கையில் ஒரு சதமில்லாமல் 90 வயதில் பிள்ளைகளின் வருமானத்தை எதிர்பார்த்திருப்பதும் அதே பிள்ளைகளின் மேல் ஏறும் சுமைதான். இரண்டையும் நிறுத்துப் பார்த்து முடிவெடுக்கவேண்டும்.

திட்டத்தைத் தெரிவுசெய்யும்போதுதான் மிகப் பெரிய பிழை நடக்கிறது. பென்சன் திட்டம் என்று விற்கப்படுபவை எல்லாம் ஆயுள் பென்சன் அல்ல. சில திட்டங்கள் 10 அல்லது 20 ஆண்டுகளுக்கு மட்டும் மாதப்பணம் தருபவை. அவற்றில் யாரும் யாருடைய பங்கையும் பெறுவதில்லை. உங்கள் முதலும் வட்டியும் தவணை தவணையாக உங்களுக்கே திரும்புகின்றன. இன்னும் சில, ஆயுள் முழுவதும் கொடுத்து, இறந்தபின் முதல் முழுவதையும் வாரிசுக்குத் திருப்பித் தரும். கேட்க இனிமையாக இருக்கும். இந்தியாவில் ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் ஜீவன் அக்ஷய் திட்டத்தில் முதலைத் திருப்பித்தரும் தெரிவும் திருப்பித்தராத தெரிவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் உறவினர் உள்ளவர்கள் அதன் விகித அட்டவணையைக் கேட்டுப் பார்க்கலாம். முதலைத் திருப்பித்தரும் தெரிவில் மாதத்தொகை குறைவாகவும், வயது கூடினாலும் பெரிதாக மாறாமலும் இருக்கும். காரணம் எளிது. முதல் வாரிசுக்குப் போகிறது என்றால் உயிரோடிருப்பவருக்குப் பகிர எதுவும் மிஞ்சாது. கொடுக்கக்கூடியது வட்டி மட்டும். நமது பெண்மணியின் கணக்கில் அது அதே 20,000 ரூபா, அதிலும் கம்பனியின் செலவு கழியும்.

ஆகவே முகவர் வரும்போது ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே முதலுக்கு 60 வயதில் எவ்வளவு, 70 வயதில் எவ்வளவு என்று எழுதித் தரச்சொல்லுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தால் உள்ளே கூட்டுச் சேர்ப்பு இல்லை, நீங்கள் வாங்குவது வட்டி. நமது அட்டவணையின்படி 30 இலட்சத்துக்குச் செலவு கழிக்குமுன் 60 வயதில் 26,600, 65 இல் 29,300, 75 இல் 39,000 அளவில் வருகிறது. உண்மையான ஆயுள் பென்சனில் இப்படிக் கண்ணுக்குத் தெரியும் ஏற்றம் இருக்கவேண்டும்.

முதல் முழுவதும் கைவிட்டுப் போகும் என்ற பயத்துக்கு இடைவழி ஒன்று உண்டு. முதல் 10 ஆண்டுகளுக்கு உத்தரவாதம் கேட்கலாம். அந்தப் பத்தாண்டுக்குள் இறந்தால் மீதி ஆண்டுகளின் பணம் பிள்ளைகளுக்குப் போகும். அதற்குப் பிறகு இறந்தால் நின்றுவிடும். 65 வயதுக்குப் பிந்திய பத்தாண்டில் இறப்பவர்கள் குறைவு என்பதால் இதற்கான விலையும் குறைவு. 29,300 என்பது 27,500 ஆகக் குறையும், அவ்வளவுதான். 68 வயதில் ஏதாவது நேர்ந்தால் பிள்ளைகளுக்கு ஏழு ஆண்டுப் பணம் கிடைக்கும். நான் விசாரிப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த வடிவத்தையே சொல்கிறேன். கணவன் மனைவி இருவரும் இருந்தால், ஒருவர் போனபின் மற்றவருக்கும் தொடரும் வடிவம் கேட்கவேண்டும். அதில் மாதத்தொகை மேலும் குறையும், ஆனால் கணவனுக்குப் பிறகு பல ஆண்டு தனித்து வாழும் பெண்களை நம் ஊரில் எந்தத் தெருவிலும் காணலாம்.

இவ்வளவு நல்லதென்றால் ஊர்ச் சங்கமே இதை நடத்தலாமே என்று கேட்கத் தோன்றும். நடத்தக்கூடாது. 80 வயதான 100 பேரில் 6 பேர் இறப்பார்கள் என்பது சராசரி. ஓர் ஆண்டில் 2 பேர், இன்னோர் ஆண்டில் 10 பேர் என்று அது ஏறி இறங்கும். 10,000 பேர் இருந்தால் 600 என்ற எண் 550க்கும் 650க்கும் இடையிலேயே பெரும்பாலும் நிற்கும். சிறிய கூட்டில் தற்செயலாகச் சிலர் நீண்டநாள் இருந்துவிட்டால் பெட்டி காலியாகும்.

ஆட்கள் எத்தனை இருந்தாலும் சமன்செய்ய முடியாத ஆபத்தும் உண்டு. 2004 டிசம்பர் 26 இல் கடல் கல்குடாவுக்குள் புகுந்தபோது ஒரே காலையில் பல வீடுகளில் மரணம் நிகழ்ந்தது. அப்படிப்பட்ட நாளில் எந்த மரண உதவிச் சங்கமும் தன் கணக்கில் நிற்காது, ஏனென்றால் ஒருவரின் இழப்பு மற்றவரின் இழப்பிலிருந்து தனித்து நிகழவில்லை. ஆயுள் பென்சனில் இதற்கு ஒப்பான ஆபத்து மருத்துவம் முன்னேறி எல்லோரும் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டு கூடுதலாக வாழ்வது. குடும்பங்களுக்கு அது பெரும் நன்மை, கம்பனியின் நிதிக்கோ கடும் சுமை. அந்தச் சுமையைத் தாங்க ஒதுக்குப் பணம் இருக்கிறதா என்பதைப் பார்ப்பது இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் வேலை. நீங்கள் அணுகும் கம்பனி அதன் பதிவில் உள்ளதா என்று முதலில் பாருங்கள்.

விலை பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் வயல்களிலேயே சான்று உண்டு. கமக்காரருக்கான ஓய்வூதியத் திட்டம் 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. மீனவருக்கு 1990 இல் தனிச் சட்டம் வந்தது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் கமக்காரர் கட்டிய தவணை, கொடுக்கவேண்டிய பென்சனைத் தாங்கும் அளவுக்கு இருக்கவில்லை. 2010களின் தொடக்கத்தில் நிதி வற்றிக் கொடுப்பனவு நின்றுபோய், பின்னர் அரசு பணம் ஒதுக்கித்தான் மீண்டும் தொடங்கியது. நம்பிக் கட்டியவர்கள் காத்திருந்த காலத்தை நினைத்தால் இன்றும் மனம் வேகிறது. கூட்டுச் சேர்ப்பு ஒருவர் பங்கை இன்னொருவருக்கு மாற்றும். இல்லாத பணத்தை உண்டாக்காது.

விலைவாசியும் இதே அளவு கவனிக்கவேண்டியது. 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. மாறாத ரூபாத்தொகையில் பென்சன் எடுத்தவருக்கு அந்த ஆண்டில் சந்தைப் பை பாதிக்குக் கிட்டச் சுருங்கியது. வைப்பில் போட்டவரும் அடிபட்டார், ஆனால் அடுத்த தவணையில் அவருக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. பிறகு அது 10 வீதத்துக்குக் கீழே வந்தது. மூத்த பிரசைகளுக்கு 15 இலட்சம்வரை 15 வீத வட்டி கொடுத்த திட்டத்தில் மாதம் 18,750 ரூபா எடுத்தவர்கள், 2022 இல் அது நிறுத்தப்பட்டு, பின்னர் வட்டி 8 வீதத்துக்கு இறங்கியபோது 10,000 ரூபாவோடு நின்றார்கள். ஆகவே வட்டி ஏறி இறங்கும் ஆபத்து வங்கியில். விலைவாசி ஏறும் ஆபத்து மாறாத பென்சனில் கூடுதல். வட்டி உயர்ந்திருக்கும் காலத்தில் பென்சன் வாங்கினால் அந்த உயர்ந்த வீதமே ஆயுள் முழுவதும் நிற்கும். ஆண்டுதோறும் ஏறும் பென்சன் கேட்டால் ஆரம்பத்தொகை வெகுவாகக் குறையும்.

கடும் நோயுள்ளவர் இதை வாங்கவே கூடாது. ஆயுள் பென்சனைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் தங்கள் உடல்நலத்தில் நம்பிக்கை உள்ளவர்கள், அதைக் கம்பனிகளும் அறியும். அதனால் பொதுமக்களின் அட்டவணையை எடுக்காமல் நீண்டநாள் வாழ்பவர்களின் அட்டவணையில் விலை போடுகின்றன. இருதய நோயோ புற்றுநோயோ உள்ளவர் அந்த விலையைக் கொடுத்தால் மற்றவர்களுக்கு விட்டுச்செல்பவராகவே ஆவார். ஓட்டமாவடி, பிறைந்துறைச்சேனைப் பக்கத்தில் வட்டியைத் தவிர்க்கும் குடும்பங்கள், இறந்தவர் பங்கு இருப்பவருக்குப் போகும் பகுதி வட்டியிலிருந்து வேறானது என்பதைத் தெரிந்துகொண்டு, முதலீடு எங்கே போகிறது என்பதையும் சேர்த்துத் தங்கள் மார்க்க அறிஞரிடம் கேட்கவேண்டும்.

நமது பெண்மணி 30 இலட்சத்தையும் ஒரே இடத்தில் கட்டக்கூடாது என்பது என் திடமான கருத்து. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அவசரமாக ஓடவேண்டி வந்தால், கட்டிய ஆயுள் பென்சனை உடைத்துப் பணம் எடுக்கமுடியாது. 10 இலட்சத்தை வங்கியில் வைத்தால் மாதம் 6,700 வட்டி வரும். 20 இலட்சத்துக்குப் பத்தாண்டு உத்தரவாதத்தோடு பென்சன் வாங்கினால், கம்பனியின் பத்தில் ஒரு பங்கு கழித்து 16,500 வரும். இரண்டும் சேர்ந்து 23,200 ரூபா. 70 வயதில் உடல்நலம் நன்றாயிருந்தால், வங்கியில் உள்ளதில் இன்னொரு பகுதியை அப்போதைய உயர்ந்த விகிதத்தில் மாற்றலாம்.

அரச பென்சன் எடுப்பவர்கள் ஆண்டுதோறும் கிராம உத்தியோகத்தரிடம் கையொப்பம் வாங்கி உயிர்வாழ் சான்றிதழ் கொடுப்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். கம்பனியின் ஆயுள் பென்சனிலும் இப்படியொரு சான்று கேட்பார்கள். கொடுக்கத் தவறினால் பணம் நிறுத்தப்படலாம். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய் நீண்டநாள் தங்குபவர்கள், அங்கிருந்து யாருடைய அத்தாட்சியோடு இதை அனுப்பவேண்டும் என்று புறப்படுமுன்னே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். வீட்டில் ஒருவருக்காவது ஒப்பந்த இலக்கமும் கிளையின் விலாசமும் தெரிந்திருக்கட்டும். இறப்பு நிகழ்ந்தால் மரணச் சான்றிதழோடு உடனே அறிவிக்கவேண்டும். உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் பிள்ளைகளுக்குரிய பணம் அதன் பிறகுதான் தொடங்கும். காலம் முடிந்திருந்தால், அறிவிக்காமல் எடுக்கும் ஒவ்வொரு மாதப்பணமும் அதே கூட்டில் இருக்கும் இன்னொரு முதியவரின் பங்கு. கண்டுபிடித்ததும் வாரிசுகளிடமிருந்து திருப்பி அறவிடுவார்கள்.